ஐந்தில் முடிந்த எண்கள்

பதுளையிலிருந்து நமுனுகுலப் பக்கம் ஏறும் சாலையில், ஆறு தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப் பாகங்கள் வழங்கும் ஒரு ஸ்டோரில் முப்பத்தோர் ஆண்டுகள் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். நான் ஓய்வு பெறவிருந்த வாரத்திலேயே தோட்டங்கள் வேறொரு நிர்வாகத்தின் கைக்கு மாறின. இருக்கும் பொருட்களின் மொத்த மதிப்பு வெள்ளிக்கிழமைக்குள் எழுதப்பட வேண்டும். அம்மதிப்பு என் ஏட்டோடு ஒத்துவந்தால், "குறைவின்றி ஒப்படைத்தார்" என்ற கடிதத்தை எங்கள் மேலாளரான துரை என் கையில் தருவார். அந்த ஒரு வரியைத் தவிர வேறொன்றையும் அந்நாட்களில் நான் விரும்பவில்லை.

மோட்டார், உருளை போன்ற பெரும்பொருட்கள் தரையில் மேடையிட்டு வைக்கப்பட்டிருந்தன. அவற்றை ஒன்று விடாமல் எண்ணிவிட்டார்கள், அவற்றில் குறையில்லை. எஞ்சியவை அடுக்குகளில் இருந்த சிறுபொருட்கள். நெடுக்காகப் பத்துப் பெட்டிகள் கொண்ட நூற்றிருபது அடுக்குகள். ஆகவே ஆயிரத்து இருநூறு பெட்டிகள். ஒவ்வொன்றிலும் இருப்பைக் குறிக்கும் ஓர் அட்டை. கொட்டி, எண்ணி, பழுது உண்டா என்று பார்த்து, திரும்ப அடுக்க வேண்டுமானால் ஒரு நாளில் நாற்பது பெட்டிகளுக்கு மேல் முடியாது. முழுவதும் எண்ண ஒரு மாதம் ஆகும். கொழுந்து மிகுந்து தொழிற்சாலைகள் இரவும் பகலும் ஓடிய காலம் அது. ஒரு பெல்ட் அறுந்தால் ஆள் ஓடி வருவான். ஸ்டோரைப் பூட்டிவைக்க வழியில்லை.

திங்கட்கிழமை காலை ஆடிட்டர் வந்தார். பதுளை டவுனைச் சேர்ந்த பெண், முப்பது வயதிருக்கும், கழுத்தில் சிறு சிலுவை.

"முழுசா எண்ணத் தேவையில்லைங்க ஐயா. அறுபது பெட்டி எடுத்தா போதும். அட்டையில இருக்கிறதுக்கும் பெட்டியில இருக்கிறதுக்கும் என்ன வித்தியாசம், அது எத்தனை ரூபாய்ன்னு பாப்போம். ஒரு பெட்டிக்கு சராசரி வித்தியாசம் கிடைச்சதும் ஆயிரத்து இருநூறால பெருக்கி, உங்க ஏட்டு மதிப்புல கூட்டவோ கழிக்கவோ செய்வோம்."

"சோத்துப் பானைக்கு ஒரு பருக்கை" என்றார் ஏணியைத் தோளில் சாய்த்திருந்த உதவியாள். இருபது ஆண்டுகளாக என்னோடு இருந்தவர். கை ஓயினும் வாய் ஓயாதவர்.

"பானையக் கிண்டிவிட்டு எடுத்தாத்தான் அண்ணே அந்தப் பழமொழி சரி" என்று ஆடிட்டர் சிரித்தார். பிறகு, இருபதுக்கு ஒரு பெட்டி வீதம் எடுக்கலாம் என்றும், தொடங்கும் எண்ணை மட்டும் யோசிக்காமல் யாராவது சொல்லவேண்டும் என்றும் கூறினார். "ஒண்ணுலருந்து இருபதுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"அஞ்சு. வீட்ல வாயும் அஞ்சு, கடனும் அஞ்சு எடத்துல" என்றார் உதவியாள்.

ஐந்து, இருபத்தைந்து, நாற்பத்தைந்து என்று அறுபது எண்கள் தாளில் இறங்கின. அந்தத் தாளைப் பார்த்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லா எண்களும் ஐந்தில் முடிந்தன. ஒவ்வோர் அடுக்கிலும் எண்கள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன, அடுக்குக்குப் பத்து. ஆகவே எந்த அடுக்கானாலும் ஐந்தாம் பெட்டிதான் எடுபடும். ஐந்தாம் பெட்டி நெஞ்சு உயரத்தில் இருப்பது.

நெஞ்சு உயரத்தில் அன்றாடம் கேட்கப்படும் பொருட்களை வைப்பதே எங்கள் வழக்கம். அவற்றை நாள்தோறும் எடுக்கிறோம், நாள்தோறும் அட்டையில் குறிக்கிறோம். மேல் இரண்டு வரிசைகளுக்கு ஏணி வேண்டும். கீழ் இரண்டுக்குக் குந்த வேண்டும். என் முழங்கால்கள் ஐந்தாண்டுகளுக்கு முன்பே அவ்விரண்டையும் மறுத்துவிட்டன. ஆண்டு இறுதிக் கணக்கெடுப்பின்போது அந்த வரிசைகளின் அட்டையில் இருந்ததை அப்படியே எழுதி வந்தவன் நான். வேறு யாருக்கும் அது தெரியாது.

இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. "ஆகட்டும் பிள்ள, தொடங்குவோம்" என்றேன்.

திங்கள் முழுவதும், செவ்வாய் நண்பகல் வரையும் எண்ணினோம். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பெயாரிங்குகளை அவர்கள் எண்ணும்போது நான் வாசலுக்கு நடந்தேன். வாசலில் நின்றால் உள்ளே போகத் தோன்றியது. தேநீர் ஊற்றிக் குடிக்க மறந்தேன். அறுபது பெட்டிகளில் இரண்டில் மட்டும் அற்ப வித்தியாசம்: ஒன்றில் ஒரு வாசர் கூடுதல், மற்றொன்றில் இரண்டு ஆணி குறைவு.

"ஏடும் கணக்கும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கு ஐயா. இப்படி ஒரு ஸ்டோர நான் பாத்ததே இல்ல" என்றார் ஆடிட்டர்.

உதவியாள் என்னைப் பார்த்தார். "ஐயா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சந்தோசத்துலயா?"

ஏணியில் ஏறி மேல் பெட்டிகளை எடுத்துத் தருபவர் அவர். அவருக்கும் தெரியும் என்று ஒரு கணம் அஞ்சினேன். ஆனால் கேட்டதை எடுப்பதே அவர் வேலை. அட்டை எழுதுவது என் வேலை. அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

புதன்கிழமை விடியலில், நீராடி நீறணிந்து வழக்கமான பதிகத்தை ஓதத் தொடங்கினேன். சிறுவயதிலிருந்து நாவில் படிந்த பாடல். தடை என்பதையே அறியாதது. அன்று மூன்றாம் பாடலில் நின்றுவிட்டது. அடுத்த அடி நினைவில் இருந்தது. சொல்லத்தான் நா எழவில்லை. அடியார்தம் உள்ளத்தின் மேலும் கீழும் அறிந்து நிற்பவனைப் பாடும் அடி அது. நெஞ்சு உயரத்தில் உள்ளதை மட்டும் திறந்து காட்டிவிட்டு அவன் முன் நிற்கிறேன் என்று பட்டது. மறுபடி தொடங்கினேன், மறுபடி அங்கேயே நின்றது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்டோருக்கு நடந்தேன்.

ஆடிட்டர் வந்து பையை வைக்கும் முன் சொல்லிவிட்டேன். தாளை மேசையில் விரித்து, ஐந்துகளைச் சுட்டி, பிறகு அடுக்குகளின் நடுவரிசையைச் சுட்டினேன். மேல் கீழ் வரிசைகளை ஐந்தாண்டுகளாக நான் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் தாளையும் அடுக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"திங்கக்கிழமையே தெரியுமா ஐயா?"

"தெரியும்."

"ஒன்றரை நாள் என்னோட நின்னு எண்ணினீங்களே! சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருக்க வேணும்."

அவர் நாற்காலியில் அமர்ந்தார். கோபம் தம்மீதே திரும்பியதுபோலப் பேசினார். "பத்துப் பத்தா அடுக்கியிருக்கிற இடத்துல இருபது இருபதா தாண்டினா ஒரே வரிசையிலதான் விழும். அடுக்கப் பாத்தப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். அது என் பிழை. பானையக் கிண்டணும்னு வாயால சொல்லிட்டு, கிண்டாம எடுத்திருக்கேன்."

பிறகு கைபேசியை எடுத்து, ஒன்று முதல் ஆயிரத்து இருநூறு வரை, ஒன்று இருமுறை வராதபடி, ஒழுங்கற்ற அறுபது எண்களை அதிலிருந்து எடுத்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் சமமான வாய்ப்பு இருக்கும்படி எடுப்பது அது என்று விளக்கினார்.

"நம்ம லயத்து வீடுகள்ல போடுற சீட்டு மாதிரின்னு சொல்லுங்க மிஸ். குலுக்கிப் போட்டு எடுக்கிறது" என்றார் உதவியாள். "அதுலயும் எனக்கு எப்பவும் கடைசி மாசந்தான் விழும்."

எண்களைப் படிக்கையில் ஓர் அடுக்கில் மட்டும் மூன்று விழுந்தன. பக்கத்தில் ஐந்து அடுக்குகளில் ஒன்றும் விழவில்லை.

"ஒண்ண எடுத்து இந்தப் பக்கம் போட்டா சமமா இருக்குமே?" என்று நான் கேட்டேன்.

"கூடாதுங்க ஐயா. விழுந்தது விழுந்ததுதான். நமக்குப் பிடிச்ச மாதிரி மாத்தத் தொடங்கினா அது குலுக்கல் இல்ல, நம்ம விருப்பம்."

புதன்கிழமையும் வியாழன் முற்பகலும் அதில் கழிந்தன. இம்முறை நான் வாசலுக்குப் போகவில்லை. ஏணியின் அடியிலேயே நின்றேன். அமைதி கிடைத்ததாலன்று, இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் என் கண்ணால் காணவேண்டும் என்ற பதற்றத்தால். மேலிருந்து வந்த ஒன்றில் ரப்பர் வளையங்கள் விரல் பட்டதும் நொறுங்கின. கீழிருந்து இழுத்த ஒன்றில் பெயாரிங்குகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இன்னொன்றில் அட்டையில் பன்னிரண்டு, பெட்டியில் ஏழு. எப்போதோ ஓர் அவசரத்தில் கொடுத்தனுப்பி எழுதாமல் விட்ட ஐந்து அவை. அட்டையில் என் கையெழுத்து, அழகாக, தவறாக.

அறுபதில் பதினான்கு பெட்டிகள் ஒத்துவரவில்லை. அந்தப் பதினான்கின் குறை நாற்பத்து இரண்டாயிரம் ரூபாய். அறுபதால் வகுத்தால் பெட்டிக்கு எழுநூறு. ஆயிரத்து இருநூறால் பெருக்கினால் எட்டு லட்சத்து நாற்பதாயிரம்.

"இது சரியா இவ்வளவுன்னு அர்த்தம் இல்ல" என்றார் ஆடிட்டர். "வேற அறுபது விழுந்திருந்தா கொஞ்சம் வேற மாதிரி வந்திருக்கும். பெட்டிக்குப் பெட்டி குறை எவ்வளவு மாறுதுன்னு பாத்துக் கணக்குப் போட்டேன். நாலு லட்சத்துக்கும் பதிமூணு லட்சத்துக்கும் நடுவுல இருக்கும்னு நம்பலாம். குறையே இல்லன்னு மட்டும் சொல்ல முடியாதுங்க ஐயா."

"எந்தெந்தப் பெட்டின்னு?"

"அது தெரியாது. எண்ணின பதினாலு தெரியும். மத்தது எங்க இருக்குன்னு இந்தக் கணக்கு சொல்லாது. மொத்தத்த மட்டுந்தான் சொல்லும்."

ஏட்டில் அடுக்குப் பொருட்களின் மதிப்பு மூன்று கோடியே அறுபது லட்சம். அதில் எட்டு லட்சத்து நாற்பதாயிரம் கழித்து, கூடவோ குறையவோ வாய்ப்புள்ள எல்லையையும் குறித்து, அறிக்கை எழுதப்பட்டது.

வெள்ளி காலை துரை அறிக்கையைப் படித்தார். நல்ல மனிதர், என்மீது மதிப்பு வைத்திருந்தவர். குறைவின்றி என்ற சொல்லை எழுத இயலாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அதற்குப் பதிலாக அவர் எழுதி வைத்திருந்த வரியை என் பக்கம் திருப்பினார்: "மதிப்பிடப்பட்ட குறைபாட்டின் காரணம் அறியப்படவில்லை."

"இது உங்களுக்குப் பாதிப்பில்லாம இருக்கும்" என்றார்.

சன்னலுக்கு வெளியே உதவியாள் புதிய நிர்வாகத்தின் ஆட்களிடம் சாவிக்கொத்தைக் காட்டி ஏதோ வேடிக்கை பேசிக்கொண்டிருந்தார். ஏணியில் ஏறுகிறவர் அவர். சாவி வைத்திருப்பவர் அவர். திங்கள் முதல் அந்த ஸ்டோரில் வேலைக்கு நிற்கப்போகிறவரும் அவரே. காரணம் அறியப்படாத குறை எவர்மேல் போய் விழும் என்பதற்குக் குலுக்கல் தேவையில்லை.

"காரணம் தெரியும் சார்" என்றேன். "மேல் வரிசைகளும் கீழ் வரிசைகளும் ஐந்தாண்டுகள் பார்க்கப்படவில்லை. பார்க்க வேண்டியவன் நான். அதை எழுதுங்கள்."

"அது உங்க கடைசிக் கடிதம். வீட்ல மாட்டி வைக்கிற கடிதம்."

"மாட்ட வேண்டாம்."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொன்னபடியே எழுதி, கையெழுத்திட்டார். நானும் கையெழுத்திட்டேன். ஒரு பிரதியை மடித்துக் கொடுத்தார். இன்னொன்று ஸ்டோர் கோப்புக்குப் போயிற்று.

வெளியே வந்ததும் உதவியாள் கேட்டார்: "என்னங்க ஐயா, நல்லபடியா எழுதினாரா?"

"உள்ளபடி எழுதினார்" என்றேன். கடிதத்தை அவரிடமே படிக்கக் கொடுத்தேன். அவர் வாய் அசைத்து மெல்லப் படித்து முடித்தபின், முதல்முறையாக வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை.