வாசலில் விட்ட செருப்பு

நாற்பத்தேழு வயதில் ஆராய்ச்சி மாணவனாக இருப்பது, கல்யாண வீட்டில் இரண்டாவது பந்திக்கும் இடம் கிடைக்காமல் நிற்பது மாதிரி. சித்தூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே, வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறி திருப்பதிக்குப் போனேன், உளவியல் துறைக்கு. பஸ்ஸில் பாதிப் பேர் மலைக்குப் போகிறவர்கள். பெருமாளைப் பார்க்க. நான், கடவுளைப் பார்த்ததாகச் சொன்னவர்களைப் பற்றி எழுதியவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்க்க.

அதுதான் என் இரண்டாம் அத்தியாயம். எல்லாம் ஒன்றாகிவிட்டது, காலம் நின்றுவிட்டது, சொல்ல வார்த்தை இல்லை என்று மனிதர்கள் சொல்லும் அனுபவங்களைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முன்பே எழுதி வைத்த விதிகளின்படி சலித்தெடுக்க வேண்டும். அது நிஜமாக நடந்ததா என்று மட்டும் கேட்கக் கூடாது.

"செருப்ப வாசல்ல விட்டுட்டு வர்றீங்க இல்ல, அந்த மாதிரி" என்பார் என் வழிகாட்டிப் பேராசிரியை. "தூக்கி எறியச் சொல்லல. வெளிய விடுங்க. போறப்ப போட்டுக்கினு போங்க."

'அவர் ஒளியைக் கண்டார்' என்று எழுதினால் சிவப்பு மையில் அடிப்பார். 'அது வெறும் மூளையின் வேலை' என்று எழுதினால் 'வெறும்' என்ற சொல்லைச் சுற்றி அதே சிவப்பில் வட்டம் போடுவார். கண்டதாகச் சொன்னார், அந்த நேரத்தில் மூளையில் இன்னது அளக்கப்பட்டது, அவ்வளவுதான். 'இதுதான் உண்மை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது' என்று ஒருவர் சத்தியம் செய்தாலும், அந்த உறுதியையே அனுபவத்தின் ஒரு கூறாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்பில் உப்பு இல்லையா என்று மனைவி கேட்டால், "இல்லாததுபோல் உணர்கிறேன்" என்றேன் ஒருநாள். அன்று ராத்திரி ரசம்கூட இல்லை.

சலிக்கும் வேலையை ஒருவரே செய்யக் கூடாது. இருவர் தனித்தனியாகச் செய்து, பிறகு ஒப்பிட வேண்டும். எனக்கு இரண்டாம் ஆள், என்னைவிடப் பதினைந்து வயது இளையவன்; நகரி பக்கத்தில் தறிக்கார வீட்டுப் பிள்ளை, அதே துறையில் ஆராய்ச்சி செய்பவன். சாமி என்ற சொல்லைக் கேட்டாலே சண்டைக்குத் தயாராகிவிடுவான். விதிகள் இருக்கும்போது யார் சலித்தால் என்ன என்று நினைத்தேன்.

பதிவு நீட்டிப்பின் கடைசி வாரம் அது. வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு கூடும். அத்தியாயம் தேறாவிட்டால் என் ஆறு வருஷமும் ரத்து. திங்கட்கிழமை காலை பேராசிரியை எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். முழுக் கட்டுரைகளையும் படித்து நாங்கள் தந்த முடிவுகளின் பட்டியல் மேசைமேல். இருவரும் ஒத்துப்போன அளவு, நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தால் வந்திருக்கும் அளவைத் தாண்டவே இல்லை.

அவன் உள்ளே வந்தான். பளபளவென்று மொட்டை. மேலே சந்தனம்.

"இன்னாப்பா இது?" என்றேன்.

"எங்கம்மா வேண்டுதல்ணா. நான் பிஎச்டி முடிக்கணும்னு வேண்டிக்கினு கீது. முடி என்னுது, நம்பிக்கை அதுது. கம்முனு இரு."

பேராசிரியை கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருமுறை பார்த்தார். "காரணம் கேக்க மாட்டேன். மொட்டைன்னு மட்டும் பதிவு பண்ணிக்கிறேன்" என்றார்.

பிறகு பட்டியலை எடுத்து, அவன் விலக்கிய கட்டுரைகளுக்கு எழுதிய காரணங்களை வாசித்தார். "'ஆள் கதை விடுறான்.' 'மூணு நாள் துன்னாம இருந்தா எனக்கும் ஒளி தெரியும்.' 'மருந்து குடிச்சிட்டு பாத்தது செல்லாது.' இதெல்லாம் நம்ம விதியில எங்க இருக்குது?"

"மேடம், அந்தாளு பொய் சொல்றது பச்சையா தெரியுது."

"அவர் சொன்னாரா, இல்லையா?"

"சொன்னாரு."

"அது போதும். செருப்ப கால்லயே போட்டுக்கினு உள்ள வந்துட்டீங்க."

எனக்கு உள்ளே குளிர்ந்தது. தவறு அவனுடையது, நான்கு நாளில் அவன் திருத்தித் தந்தால் முடிந்தது. நாற்காலியில் சாய்ந்துகூட உட்கார்ந்தேன். அறை ஜன்னலில் மலை தெரிந்தது. என்றைக்குமில்லாமல் அன்று அழகாகத் தெரிந்தது.

"ஏமண்டி கவிகாரு" என்றார் என்னைப் பார்த்து. என்ன கவிஞரே என்று தெலுங்கில் ஒரு கிண்டல். "உங்க காரணம் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். 'விவரம் போதாது.' இது எந்த விதி?"

"அது... பங்கேற்றவர்கள் அனுபவத்தைச் சரியாக விவரிக்கவில்லை, மேடம்."

அவர் ஒரு கட்டுரையைப் பிரித்தார். பெண்களைப் பேட்டி கண்ட ஆய்வு. கேள்வித்தாளும் இருந்தது, எல்லாக் கேள்விக்கும் பதிலும் இருந்தது. ஒரு பெண்ணின் வார்த்தைகளை அப்படியே தமிழாக்கிப் படித்தார்: "பாத்திரம் கழுவிக்கினு இருந்தேன். கொஞ்ச நேரம் எல்லாம் ஒண்ணா இருந்துச்சு. நான்னு தனியா ஒண்ணும் இல்ல. அப்புறம் குழாய மூடிட்டேன்."

படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒன்றாதல் இருக்குது. தான் இல்லாம போறது இருக்குது. கொஞ்ச நேரம்தான்றதும் இருக்குது. இதுல இன்னா குறையுது?"

யோசித்துப் பேசியிருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது.

"மேடம், ஒரு உவமைகூட இல்லை."

அவன் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த சந்தனம் பொடியாக என் பட்டியல்மேல் உதிர்ந்தது.

"அய்யோ ணா! நானாச்சும் பொய்யுன்னு தள்ளுனேன். நீ போரடிக்குதுன்னு தள்ளிக்கிற!"

பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தேன். நான் சேர்த்தவற்றில் எல்லாரும் கடலாகியிருந்தார்கள், தீயாகியிருந்தார்கள், நட்சத்திரங்களின் நடுவே கரைந்திருந்தார்கள். தள்ளியவற்றில் சமைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நின்றுகொண்டு, துணி காயப்போட்டுக்கொண்டு இருந்தவர்கள். ஒரு வாரமாக நான் ஆய்வு செய்யவில்லை. ஒரு கவியரங்கத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காரணம் எழுதுன பத்திய மட்டும் எடுத்துட்டுக் குழுவுக்குக் குடுத்துடலாமா மேடம்?" என்று கேட்டேன். கேட்டேன்தான், மறைக்கவில்லை.

"எடுக்கலாம். நானும் கையெழுத்த எடுத்துடுவேன்."

நான்கு நாள். இருவரும் முதலிலிருந்து, மறுபடியும் தனித்தனியாக. இரண்டு நாள் கல்லூரிக்கு லீவு போட்டேன். சித்தூர் வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியாமல், கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே படித்தேன். துணி காயப்போட்டவர்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டேன். அவன் போனில் கூப்பிட்டான்: "கதை விடுறவனையெல்லாம் உள்ள உட்டுட்டேன்ணா. வயிறு எரியுது." வியாழன் மாலை ஒப்பிட்டபோது பெரும்பாலும் ஒத்துப்போனோம். மிச்சமிருந்த ஐந்தைப் பேராசிரியை தீர்த்து வைத்தார். முதல் சுற்றில் என்ன தவறு, ஏன் மீண்டும் செய்தோம் என்பதையும் எழுதச் சொன்னார். கூடவே, தேர்ந்தெடுத்த எங்கள் இருவரின் மனச்சாய்வு என்ன என்று ஆளுக்கொரு குறிப்பு.

அவன் எழுதியது: 'இரண்டாம் தேர்வாளர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்.' நான் மூன்று பக்கம் எழுதினேன். மழை வந்தது அதில், ஒரு பழைய ரயில் வந்தது. பேராசிரியை ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதை அடித்தார்.

வெள்ளிக்கிழமை குழுவில் மூத்தவர் படித்துக்கொண்டே வந்து அந்தக் குறிப்புகளில்தான் நின்றார். நம்பிக்கை இல்லாதவர் என்ற வரியைப் படித்தார், எதிரே இருந்த மொட்டையைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார். பேராசிரியை மெல்லத் தலையாட்டினார்: கேட்கக் கூடாது. அடுத்து என் வரியைப் படித்து, மூத்தவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அத்தியாயம் தேறியது.

ஆறு வருஷத்தில் நான் எழுதியதிலேயே சுருக்கமான வரி அதுதான்: 'முதல் தேர்வாளர் கவிதை எழுதுபவர்.' ஒரு உவமைகூட இல்லை.