பாஸ் போட்ட கபடி

என் மகள் ஆடிய இறுதி ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. என் கொழுந்தன் பார்த்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

குற்றாலத்தில் சிப்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமையில் லீவு கேட்டால் முதலாளி மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். மகளுடைய கபடி ஃபைனலும் அப்படியொரு ஞாயிறு மாலையில் வந்து விழுந்தது. ஒரு சின்ன சேனலில் நேரலை. மறு ஒளிபரப்பும் கிடையாது, யூடியூப்பிலும் போடமாட்டார்கள். ரெக்கார்ட் பண்ணலாம் என்றால், அந்தச் சேனலுக்கு எங்கள் செட் டாப் பாக்ஸில் ரெக்கார்டிங் பூட்டிக் கிடந்தது. நேரலையை நிறுத்தி வைத்துப் பிறகு பார்க்கிற டைம் ஷிஃப்ட் மட்டும் வேலை செய்தது. அது போதும் என்று நினைத்தேன்.

வீட்டில் கிடந்த பென் டிரைவை முதலில் செருகினேன். உள்ளே உள்ளதெல்லாம் அழியும், சம்மதமா என்று பாக்ஸ் கேட்டது. பழைய சாமிப் பாட்டுகள்தான், போகட்டும் என்று ஓகே கொடுத்தேன். பிறகு அதன் வேகத்தைச் சோதித்துவிட்டு, போதாது என்று காட்டியது. நான் விடாமல் ஓட்டிப் பார்த்தேன். படம் கட்டம் கட்டமாகச் சிதறிப்போய்விட்டது.

தென்காசியில் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் கேட்டேன். "இடம் எம்புட்டு இருந்தாலும் வேகம் வேணும்லாக்கா. நிறுத்தி வச்சாலும் அது பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கும். நீங்க பாக்க ஆரம்பிச்சா எழுதவும் செய்யணும், வாசிக்கவும் செய்யணும். ஹெச்.டி. சேனல்னா இது தாங்காது" என்று பென் டிரைவைவிட வேகமாக எழுதுகிற சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்றைக் கொடுத்தார். அதையும் பாக்ஸே அழித்துத் தயார் செய்துகொண்டது. டைம் ஷிஃப்ட் இடத்தில் 'ஆன்' போட்டு, செய்தி சேனலில் நிறுத்திப் பார்த்தேன், பின்னால் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது.

ரிமோட்டில் படத்தை நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி மாமியாரிடம் கொடுத்தேன். "அத்தே, ஆட்டம் தொடங்குனதும் இத ஒரே ஒரு அமுக்கு. பொறவு நான் வார வரைக்கும் ஒருத்தரும் தொடப்பிடாது. சேனல மாத்துனாலும் போச்சு, அணைச்சாலும் போச்சு."

அத்தை சொன்னபடியே அமுக்கிவிட்டார். அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

கடையை விட்டு எப்படியோ கிளம்பி, சீசன் கூட்டத்தில் பஸ்ஸில் நசுங்கி வந்தேன். ஒருவரிடமும் முடிவைக் கேட்கக்கூடாது என்று போனைக்கூட அணைத்து வைத்திருந்தேன். வாசலில் கால் வைத்ததும் கொழுந்தன் துள்ளிக்கொண்டு வந்தான்.

"மைனி! என்னா ஆட்டம்! நம்ம புள்ள கடைசி ரெய்டுல ரெண்டு பேரத் தொட்டுட்டுல்லா வந்தா!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆருலே மாத்துனா?"

"மாத்தலயே. நான் வரும்போது பாக்ஸ் ஹேங் ஆயி படம் அப்படியே நின்னுட்டு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், சரியாயிட்டு."

"நான் தலபாடா அடிச்சேன், தொடாதலேன்னு. கேட்டாத்தான" என்று அத்தை அடுக்களையிலிருந்து சத்தம் போட்டார்.

ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டினேன். அவன் பாக்ஸை அணைத்ததுமே பழையதெல்லாம் அழிந்துபோயிருந்தது. சேமிப்பு திரும்பத் தொடங்கியதோ விளம்பரங்களுக்குச் சற்று முன்புதான். பரிசு வாங்கிய பிறகு பிள்ளைகள் கலைந்து போகிற முதுகுகள் மட்டும் தெரிந்தன. ஆட்டம் முடிந்ததும் வேறு சேனலுக்கு ஒரு தரம் போய்வந்தாராம் துரை, அதில் மிச்சமும் போயிற்று!

"ஏலே, படம் நின்னா கெட்டுப்போச்சுன்னு ஒனக்கு ஆருலே சொன்னா? எதத் தொட்டாலும் அணைச்சுப் போடுததுதான் ஒனக்கு வைத்தியமா? வெளங்குவியா நீ?"

"மைனி, நான் என்ன வேணும்னா செஞ்சேன்? பொட்டப்புள்ள ஆட்டம்தான, அடுத்த வருசமும் ஆடுவா" என்றான்.

ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன். பேட்டரி தெறித்துப் போயிற்று. வேண்டுமென்று செய்திருந்தால் செருப்பால் அடித்துவிட்டுப் போயிருப்பேன். வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். வாய் நிறையச் சிரிப்போடு, என் பிள்ளையின் ஆட்டத்தை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு நிற்கிறான்.

அணைத்து வைத்திருந்த போனை ஆன் பண்ணியதும் மகள் கூப்பிட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு இரைத்தது.

"எம்மா, ஜெயிச்சதும் கேமராவப் பாத்து ஒனக்குத்தான் கைய ஆட்டுனேன். பாத்தியா?"

நான் வாய் திறப்பதற்குள் அவன் பின்னாலிருந்து கத்தினான். "சித்தப்பா பாத்தேன் தங்கம்! நானும் கைய ஆட்டுனேன்லா!"

"நீ பாத்தியாம்மா?" என்று மறுபடியும் கேட்டாள்.

"பாக்கலட்டி" என்றேன்.