இரண்டு மணிக்கு எடுத்த வேகம்

2007 ஜூலை 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணி. மூலக்குளத்தில் ஒரு மாடி வீட்டின் முன்னறையில், துணி காயப்போட்ட கயிற்றுக்குக் கீழே இருந்த கணினியின் முன் நான் உட்கார்ந்தேன். என் கையில் கோடு போட்ட ஒரு தாள் இருந்தது. நேரம், விபிஎன் இல்லாமல், விபிஎன்னோடு என்று மூன்று பத்திகள். அவற்றை நிரப்பி மாலைக்குள் தரும்படி மேலாளர் சொல்லியிருந்தார்.

அந்த ஆண்டு நான் முதுகலை இலக்கியம் படித்துக்கொண்டே, அமெரிக்க மருத்துவர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் குறிப்புகளைத் தட்டச்சு செய்து தரும் ஒரு சிறு நிறுவனத்தில் பிழை திருத்துபவளாக இருந்தேன். யாருடைய நோயோ, யாருடைய அறுவைச் சிகிச்சையோ, வரிவரியாகக் கடந்துபோகும். முதல் மாதத்தில் சில வரிகளில் கண் நின்றது. பிறகு நிற்கவில்லை. வேறு எதிலும்கூட நிற்கவில்லை என்பதைத் தாமதமாகத்தான் கவனித்தேன்.

அந்த வீடு எங்களோடு வேலை பார்த்த ஓர் அக்காவுடையது. அவருக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. கணவரும் மாமியாரும் தட்டாஞ்சாவடியில் வேலைக்குப் போனார்கள். அதனால் அக்காவும், அவரைப் போல் இன்னும் மூன்று பெண்களும் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்ய அனுமதி பெற்றிருந்தார்கள். வீட்டுக் கணினியை அலுவலகக் கணினியோடு பிறர் பார்க்க முடியாதபடி இணைப்பது விபிஎன். அதை இயக்கிவிட்டால் வீட்டிலிருந்து போவதும் வருவதும் எல்லாமே அலுவலகத்தின் வழியாகத்தான். நோயாளிகளின் குரல் கோப்புகளை வேறு வழியில் எடுக்கக் கூடாது.

ஒரே மாதத்தில் அக்காவின் கோப்புகள் மூன்று முறை தாமதமாயின. விபிஎன் இழுக்கிறது என்றார் அக்கா. மேலாளர் நம்பவில்லை. நான்காம் முறை தாமதமானால் வீட்டு வேலை ரத்து, அலுவலகத்துக்கு வரவேண்டும் என்றார். குழந்தையை விட்டு அக்காவால் வர முடியாது. ரத்து என்றால் வேலை போனது என்றே பொருள்.

"என்னா, சென்சஸ் எடுக்க வந்த டீச்சரம்மா மாதிரி பேப்பரும் பேனாவுமா வந்து நிக்கிற?" என்றார் அக்கா. குழந்தை அவர் இடுப்பில் இருந்தது. "எழுது எழுது. தமிழ்ல எழுதுனீன்னா அந்தாளுக்குப் புரியாது."

"இங்கிலீஷ்லதான் எழுதப் போறேங்க்கா."

"அதுவும் புரியாது. சரி, ஆரம்பி."

திறந்திருந்த நிரல்களை எல்லாம் மூடினேன். விபிஎன்னைத் துண்டித்துவிட்டு, வேகம் அளக்கும் தளத்தைத் திறந்து, சென்னையில் இருந்த ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்தேன். விபிஎன்னோடு அளக்கும்போதும் அதே சர்வர்தான் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வெவ்வேறு தூரங்களை ஒப்பிட்டதாகிவிடும். ஒருமுறை அளந்தது தற்செயலாக இருக்கலாம் என்பதால் மும்முறை அளந்தேன். இறங்கும் வேகம் நொடிக்கு 241, 238, 240 கிலோபிட். அந்த வீட்டு இணைப்பு 256 கிலோபிட். ஆகவே குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு விபிஎன்னை இயக்கி மீண்டும் மும்முறை. 212, 215, 209.

செய்தியைப் பூட்டி அனுப்பும் வேலைக்கு அவ்வளவு குறைவது இயல்பு. இருபத்தைந்து முப்பது கிலோபிட்டால் யாருடைய கோப்பும் தாமதமாகாது.

அலைபேசியில் மேலாளரை அழைத்து எண்களைப் படித்தேன்.

"நான் சொல்லலையாம்மா?" என்றார். "நானும் இங்க ஆபீஸ்லயே போட்டுப் பாத்தேன். ஆன் பண்ணாலும் ஒண்ணுதான், ஆஃப் பண்ணாலும் ஒண்ணுதான். கொழந்தையத் தூங்க வச்சிட்டு இதுவும் கூடத் தூங்கிடுது, பழிய மெஷின் மேல போடுது. நீ கெளம்பி வா."

அலுவலகத்துக்குள் உட்கார்ந்து அலுவலகத்தோடே விபிஎன்னில் இணைந்தால் வேகம் எப்படிக் குறையும் என்று நான் கேட்கவில்லை. தாளை மடித்தேன்.

அக்கா அவர் குரலைக் கேட்டிருக்கவேண்டும். அலைபேசியின் ஒலி பெரிது.

"காலையில பத்து மணிக்கு அளந்தா இப்பிடித்தான் வரும். இப்ப யாரு வேல செய்யறா? அவங்கவங்க அடுப்பாண்ட நிக்கிறாளுவ. சோத்த வடிச்சி, தின்னுட்டு, ரெண்டு மணிக்குத்தான நாலு பேரும் ஒக்கார்றோம். அந்தாளு கோப்பப் பிரிச்சிப் போடறதும் அப்பத்தான்."

நான் தாமதமான மூன்று கோப்புகளின் நேரத்தைக் கேட்டேன். மூன்றும் பிற்பகல். காலை வேகத்தைக் கொண்டு பிற்பகல் தாமதத்தைத் தீர்ப்பது தவறு என்று பட்டது. அக்காவுக்காக என்று சொல்லமாட்டேன். அளவு தவறாக இருந்தது, அவ்வளவுதான். கிளம்பாமல் அங்கேயே இருந்தேன். அக்கா போட்ட சோற்றையும் கத்திரிக்காய்க் குழம்பையும் சாப்பிட்டேன். சுவை நினைவில்லை.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு மீண்டும் அளந்தேன். விபிஎன் இல்லாமல் 239, 240, 237. விபிஎன்னோடு 58, 61, 55.

அக்கா என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தார். "அம்பத்தெட்டா? ஐயோ, நான் ஒண்ணும் பைத்தியம் இல்லடி. ஒரு மாசமா என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்." குழந்தையின் கையைப் பிடித்துத் திரையை நோக்கி ஆட்டினார். "பாரு, ஒங்கம்மா பொய்யி சொல்லல."

காரணத்தையும் தாளின் அடியில் எழுதினேன். அலுவலக இணைப்பில் உள்ளே இறங்கும் பாதை அகலமானது. வெளியே ஏறும் பாதை குறுகியது, 256 கிலோபிட்தான். வீட்டில் இருப்பவர்கள் எடுக்கும் ஒவ்வொரு கோப்பும் அந்தக் குறுகிய பாதை வழியாகவே வெளியேற வேண்டும். காலையில் அக்கா மட்டும் இருந்ததால் அவருக்கு முழுப் பாதையும் கிடைத்தது. இரண்டு மணிக்கு நால்வரும் பங்கு போட்டார்கள். பன்னிரண்டு மெகாபைட் கோப்பு காலையில் ஏழரை நிமிடத்தில் வரும். பிற்பகலில் ஏறக்குறைய இருபத்தெட்டு நிமிடம். குழந்தை அழுவதற்கும் தட்டச்சுக்கும் நடுவே அந்த இருபது நிமிடம் அவருக்குக் கிடையாது. இதையும் எழுதினேன், வேறு சொற்களில்.

மாலை ஐந்து மணிக்கு மேலாளர் தாளை இருமுறை படித்தார். மறுக்கவில்லை. அதுதான் நான் எதிர்பாராதது.

"நல்லா எழுதியிருக்க. புது லைன் கேட்டா எப்பத் தருவானோ தெரியாது. நாலு பேருக்கு இது பத்தாது, இல்ல?"

"பத்தாது சார்."

"மூணு பேருன்னா ஆளுக்கு எண்பது வரும்."

"ஏறக்குறைய வரும்."

"அப்ப ஒரு ஆளக் கொறைக்கலாம். மூணு தடவ லேட்டான ஆள வச்சிக்கிட்டு மத்தவங்களக் கொறைக்க முடியுமா? கணக்கு சரிதானம்மா?"

அக்கா தாமதம் செய்யவில்லை என்று காட்ட எழுதிய தாள் அவர் கையில் இருந்தது. பாதை குறுகியதால்தான் தாமதம் என்றும், நால்வரும் நேரத்தை மாற்றிக்கொண்டாலே போதும் என்றும் சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியங்கள் என்னிடம் இருந்தன, முழுமையாக, எழுவாய் பயனிலையோடு. அவர் கேட்டதோ வகுத்தல் சரியா என்று மட்டும்.

"சரிதான் சார்" என்றேன்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு மீண்டும் மூலக்குளம் போனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். கணினியிலிருந்து விபிஎன் மென்பொருளை நீக்கினேன். அலுவலகத்துக்குச் சொந்தமான ஹெட்போனையும், குரலை நிறுத்தவும் ஓட்டவும் காலால் அழுத்தும் மிதியையும் கழற்றி, ஒயரைச் சுற்றி ஒரு துணிப்பையில் வைத்தேன். ஒரு தாளில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, நேரமும் தேதியும் போட்டு, கையெழுத்திட்டு விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.