ஒரு மணிக்கு அழைப்பே இல்லை

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கிளினிக்கில் பதினோரு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்குவதிலிருந்து மருந்து உறையில் பெயர் எழுதுவதுவரை என் வேலை. கிள்ளானிலிருந்து தினமும் போய் வந்தேன். லோரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு முதுகு போய்விட்டதால், வீட்டில் அப்போது என் சம்பளம் மட்டும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் டாக்டருடைய மச்சினர் நிர்வாகம் பார்க்க வந்து சேர்ந்தார். வந்ததும் புதுத் தொலைபேசி இயந்திரம் ஒன்றைப் பொருத்தினார். லைன் இரண்டுதான், ஆனால் பின்னறையில் ஒரு பிரிண்டர் இருந்தது. வெளியிலிருந்து வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் அது ஒரு வரி அடிக்கும்: எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் அடித்தது, எவ்வளவு நேரம் பேசினார்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நாள் முழுக்க அது கரகரவென்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து மச்சினர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"உங்க கால் எல்லாம் சராசரி நாலு நிமிஷம். அந்தப் பிள்ளைக்கு ஒரு நிமிஷம்கூட இல்ல. ரெண்டு நிமிஷத்துக்கு மேல போனா அது அரட்டை லா, அக்கா."

அந்தப் பிள்ளை என்று அவர் சொன்னது ஒன்பதரைக்கு வேலைக்கு வரும் இன்னொரு பெண்ணை.

"மிஸ்ட் கால் பாருங்க. எட்டுலேருந்து ஒம்பதரை, நீங்க மட்டும் இருக்கிற நேரம், அதுலதான் ஆக மோசம். மதியம் ஒண்ணுலேருந்து ரெண்டு அந்தப் பிள்ளை உட்காருது. ஒரு மிஸ்ட் கால்கூட இல்ல. உங்க வேலையை மாசக் கடைசியோட முடிச்சுக்கலாம்னு டாக்டர்கிட்ட சொல்லப் போறேன்."

எனக்கு உச்சந்தலைவரை சூடேறியது. வாய் நீளம் என்று என்னைச் சொல்லாதவர்கள் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிளினிக் போனில் நான் அரட்டை அடித்தவள் இல்லை.

"ரெண்டு வாரம் டைம் குடுங்க," என்றேன். "நானும் கணக்கெடுத்துத் தரேன். ரெண்டையும் டாக்டர் பாக்கட்டும்."

அவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கினேன். யார் போனை எடுத்தாலும் மணியைக் குறித்து, எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று ஒரு சொல் எழுத வேண்டும் என்றேன். அந்தப் பிள்ளை முனகிக்கொண்டே எழுதியது. சாயங்காலம் பிரிண்டர் காகிதத்தைக் கிழித்து, அச்சான மணியையும் நோட்டிலுள்ள மணியையும் வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பேன். வைத்தியத்துக்கு வரப் போகிறவர், வரக்கூடியவர் என்றால் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. அது உருப்படியான அழைப்பு. மருந்து கம்பெனி ஆள், தப்பான நம்பர், டாக்டர் வீட்டு உறவினர், இதற்கெல்லாம் கோடு கிடையாது. ரத்தப் பரிசோதனை முடிவு கேட்பவரை எதில் சேர்ப்பது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, கடைசியில் சேர்க்காமல் விட்டேன். எனக்குச் சாதகமாக எழுதிக்கொண்டேன் என்று எவரும் சொல்லக் கூடாது.

இரண்டு வாரத்தில் விஷயம் பளிச்சென்று தெரிந்தது. நான் பேசிய அழைப்புகளில் பாதிக்கு மேல் சிவப்புக் கோடு. தூரத்தில் உள்ள ரவாங்கிலிருந்தும் செமினியிலிருந்தும் முதல் தடவை வருகிறவர்களுக்கு பஸ் வழி சொல்ல வேண்டும். நாளை காலை ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் இன்று ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்தச் சொல்ல வேண்டும். அதற்கு நாலு நிமிஷம் ஆகாதா? அந்தப் பிள்ளையின் அழைப்புகளில் கோடு நாலில் ஒன்றுதான். "டாக்டர் பிஸி, அப்புறம் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டால் ஒரு நிமிஷம் எதற்கு?

காலை நட்சத்திரங்களுக்கு மட்டும் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு லைனில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றது அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. அது என் நாலு நிமிஷத்தின் விலைதான். அந்தப் பிள்ளை எட்டு மணிக்கே வந்தால் தீரும் என்று எழுதினேன்.

பிறகு ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை உள்ள பத்தியை நிரப்பப் போனேன். தவறிய அழைப்பு பூஜ்யம். சரி. எடுத்த அழைப்பு எத்தனை என்று தேடினேன். அதுவும் பூஜ்யம். இரண்டு வாரமும், எல்லா நாளும், ஒரு வரிகூட அச்சாகவில்லை.

ஐயோ, அது நான் செய்த வேலை.

டாக்டர் காலை எட்டிலிருந்து இரவு ஒன்பதுவரை நோயாளி பார்ப்பார். மதியம் ஒரு மணிக்கு, பரிசோதனைக் கட்டிலிலேயே சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் தூங்குவார். மணியடித்தால் எழுந்துவிடுவாரே என்று, நான் சாப்பிடப் போகுமுன் கவுண்டரிலிருந்த இரண்டு போனிலும் லைனுக்கு ஒன்றாக ரிசீவரை எடுத்து, துண்டில் சுற்றி இழுப்பறைக்குள் வைத்துவிடுவேன். எனக்குப் பதிலாக உட்காரும் அந்தப் பிள்ளையும் அதைத் தொடாது. கூப்பிடுகிறவர்களுக்கு என்கேஜ்டு சத்தம் கேட்கும். இங்கே மணி அடிக்காது. அடிக்காத அழைப்பை இயந்திரம் எப்படி எழுதும்? ஆறு வருஷப் பழக்கம். டாக்டருக்கே தெரியாது. பாசம் என்று நினைத்துத்தான் செய்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பத்தியைத் தொடாமல் விட்டால் என் நோட்டு ஜெயிக்கும். மச்சினருக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. ஆனால் கணக்கு கேட்டவள் நான். என் பக்கத்தை மட்டும் மறைத்தால் மச்சினர் நீட்டிய தாளுக்கும் என் நோட்டுக்கும் என்ன வித்தியாசம்? வேலை போனால் போகட்டும் என்று அதையும் எழுதினேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். மச்சினர் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

"பிள்ளை, இந்த ஒரு மணிக்கு ஒண்டுமே இல்லையே?" என்று என்னைப் பார்த்தார்.

"நான்தான் டாக்டர். நீங்க தூங்குவீங்கன்னு ரிசீவரை எடுத்து வச்சிருவேன். ஆறு வருஷமா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படுவார் என்று நின்றேன். நோட்டை மூடினார்.

"ஆறு வருசம் நான் நித்திரை கொண்டிருக்கிறன்," என்றார். "நாளைக்கு அந்த மணிக்கு ஆர் இருக்கப் போறது?"

"நான் இருக்கேன் டாக்டர். அந்த நேரத்துல இதுக்கு முன்னால கூப்பிட்டுப் பாத்தவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியணும்."

மாசக் கடைசி பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு மணிக்கு மச்சினர் என்னோடு கவுண்டரில் வந்து உட்கார்ந்தார், என்ன வருகிறது பார்க்கலாம் என்று. ஒன்று ஐந்துக்கு முதல் லைன் அடித்தது.

"அக்கா, ஷா ஆலம் ஃபேக்டரிலேருந்து பேசுறேன்," என்றது ஓர் இளம் குரல். பின்னால் பப்ளிக் போனுக்கு வரிசையில் நிற்பவர்களின் சத்தம். "எங்களுக்கு ஒரு மணிக்குத்தான் ரெஸ்ட். ரெண்டு மாசமா அடிக்கிறேன்க்கா, எப்பவும் என்கேஜ்டு. கிளினிக்க மூடிட்டீங்கன்னு நெனச்சேன்."

"மூடலைம்மா. சொல்லு, என்ன செய்யுது?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மார்ல ஒரு கட்டி மாதிரி இருக்கு. மொத சின்னதா இருந்துச்சு."

இரண்டு மாதம். "இன்னைக்கே வா," என்றேன். "எத்தனை மணிக்கு வேலை முடியும்? எந்த பஸ் ஏறணும்னு எழுதிக்க. நீ வர்ற வரைக்கும் நான் இருப்பேன்."

இரண்டாவது லைனின் விளக்கு மின்னத் தொடங்கியது. நான் மச்சினரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ரிசீவரை எடுத்தார்.