ஆறு வட்டமும் மூன்று ரீலும்

செக்‌ஷன் அக்காவிடம் துணி வியாபாரம் பற்றி வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் இரண்டாவது மாடியில் பெண்கள் ரெடிமேட் செக்‌ஷனைப் பதினேழு வருஷம் கட்டி ஆண்டவள். சொந்தமாக ஒரு பொட்டிக் திறந்து வருஷம் ஒன்றாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. புருஷன்கூட மறதியாக இரண்டு தடவை அப்படிக் கூப்பிட்டிருக்கிறான்.

பொட்டிக் என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறை. மூன்று ஸ்டாண்டு, ஆளுயரக் கண்ணாடி, துணி மாற்றிப் பார்க்கத் திரை போட்ட ஒரு மூலை. குறுகலான படி. தெருவில் போகிறவர்கள் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. வாடிக்கை எல்லாம் இன்ஸ்டாகிராம் வழியாகத்தான் வர வேண்டும். அந்தப் பக்கமோ நாத்தனார் கையில் இருந்தது.

நாத்தனார் தங்கமானவள், ஆனால் கலைமனசுக்காரி. போடுகிற ஸ்டோரி படங்கள் ஒரு நாளில் மறைந்துவிடும் என்பதால் அவற்றைச் சேர்த்து வைக்கிற ஹைலைட் வட்டங்கள் பதினெட்டு போட்டிருந்தாள். தேவதை, மழைத்துளி, சிறகு, கனவு என்று பெயர்கள். பக்கத்தின் உச்சியில் எப்போதும் நிற்கும்படி 'பின்' செய்திருந்த மூன்று வீடியோ ரீலில் ஒன்று கடை திறந்த நாள், ஒன்று நாத்தனாரே பாவாடை விரியச் சுற்றுவது, மூன்றாவது துணிக்குவியலில் தூங்கும் பூனை. பூனைக்குத்தான் பார்வை அதிகம். பூனையை யாரும் வாங்க வரவில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் பாட்டு டீச்சர் படியேறி வந்தார். அவருடைய குழுவில் இருபத்திரண்டு பெண்கள். மேடைக்கு எல்லோரும் நீலத்தில் வர வேண்டும், தினுசு அவரவர் இஷ்டம்.

"எல்லாரையும் இங்க கூட்டிட்டு வர முடியாதும்மா. ஆளுக்கொரு வேலை. போன்லயே பாத்து எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுக்கலாம் டீச்சர்."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குள்ள இருபத்திரண்டு பேரும் சொல்லிடணும். இல்லேன்னா திங்கக்கிழமை பெரிய கடைக்குப் போயிடுவோம். அரைகுறையா அங்க பாதி இங்க பாதி வேண்டாம்."

பெரிய கடை என்றால் எது என்று அக்காவுக்குத் தெரியும். அவள் வேலையை விட்டபோது, "மாடிப்படி ஏறி யாரு வருவா?" என்று மேனேஜர் சிரித்த அதே கடை. ரோஷம் வந்துவிட்டது.

அன்று மத்தியானமே நாத்தனாரை உட்கார வைத்தாள்.

"கடைக்கு வர்றவ முதல்ல என்ன கேப்பா?"

"விலை, அண்ணி."

"அதான் இல்ல. தனக்கு ஆகுமான்னு கேப்பா. ஆகாத துணி சும்மா கொடுத்தாலும் எதுக்கு? மழைத்துளிக்குள்ள என்ன சைஸ் இருக்குன்னு உனக்காவது தெரியுமா?"

நாத்தனாருக்குத் தெரியவில்லை. முகம் தொங்கிவிட்டது. ஆனாலும் மூன்று நாள் இருவரும் ஓயாமல் உழைத்தார்கள். நீலத்தில் இருந்த ஐம்பது உருப்படிகளையும் முன்பக்கம், பின்பக்கம், துணியின் நெசவு தெரியும்படி கிட்டத்தில் என்று எடுத்து, சைஸும் விலையும் எழுதி ஸ்டோரியாகப் போட்டார்கள். பதினெட்டு வட்டம் ஆறானது: S–M, L–XL, XXL+, அளவு, ஆர்டர், விற்றவை. பெயர் நீளமாக இருந்தால் பாதியில் வெட்டுப்படும் என்பதால் எல்லாம் குட்டிப் பெயர். 'பின்' செய்த இடத்திலிருந்து பூனையும் மற்ற இரண்டும் இறங்கின. டேப்பால் தன்னைத் தானே அளப்பது எப்படி, ஆர்டர் சொல்வது எப்படி, கடையை ஒரு சுற்று என்று மூன்று ரீல் ஏறின.

நாத்தனார் வட்டங்களைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிச் செய்தாள். கடைசியாகச் செய்தது முன்னால் நிற்குமாம். அக்கா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அடுக்கு வரிசையாக நிற்கிறது, அவளுக்கு அது போதும்.

டீச்சர் தன் குழுவுக்கு, "முதல் வட்டத்தைத் தொட்டு அப்படியே பாத்துக்கிட்டே போங்க," என்று செய்தி அனுப்பினார். சனிக்கிழமை இரவுக்குள் பன்னிரண்டு பேர் எடுத்துவிட்டார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. நாத்தனார் தோழி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்ததால், போன பன்னிரண்டையும் குறுக்குக் கோடு போட்டுத் தானே ஸ்டோரியாக்கி "விற்றவை"யில் சேர்த்தாள். நாலு பேர் பார்த்தால் நல்லதுதானே என்ற பெருமை.

ஞாயிறு காலை ஒரு செய்தியும் வரவில்லை. பதினொன்று ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. இரண்டு மணிக்கு டீச்சர் போன் செய்தார்.

"என்னம்மா இது, எல்லாம் வித்துப்போச்சாமே! நீலம் நீலமா வருது, ஒவ்வொண்ணுலயும் கோடு. பொண்ணுங்க பாத்துட்டு மூடி வச்சுட்டாங்க. நாளைக்குப் பெரிய கடைக்கே போயிடறோம்."

"ஒரு மணி நேரம் குடுங்க டீச்சர். தப்பு என்னோடது."

நாத்தனார் அரக்கப் பரக்க ஓடி வந்தாள். போனைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அண்ணி, புதுசா எந்த வட்டத்துல சேத்தாலும் அது முன்னாடி வந்து நிக்கும். நீங்க விற்றவையைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்திட்டீங்க."

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரேக்கை ஒரு தடவை சுவரில் அடித்தால் அடித்த இடத்தில் நிற்கும் என்று நம்பி வாழ்ந்தவள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட நேரமில்லை.

"அந்த வட்டத்தையே எடுத்துடு."

"அது நம்ம பெருமை அண்ணி! நம்ம முதல் பெரிய விற்பனை அதுலதான் இருக்கு."

"ஸ்டோரி அழிஞ்சுடுமா?"

"இல்ல, ஆர்கைவ்ல இருக்கும். நமக்கு மட்டும் தெரியும்."

"அப்ப நமக்குத் தெரிஞ்சா போதும். வர்றவளுக்கு இருக்கிறதைத்தான் காட்டணும்."

வட்டம் போயிற்று. மூன்று சைஸ் வட்டங்களிலிருந்தும் போன துணிகளைக் களைந்தார்கள். பிறகு மிச்சமிருப்பதை ஸ்டாண்டில் மாட்டி, சைஸுக்கு ஒரு புது ஸ்டோரி எடுத்து, முதலில் XXL+, அடுத்து L–XL, கடைசியாக S–M என்று திருப்பிச் சேர்த்தார்கள். இப்போது S–M முதலில் நின்றது. இந்தத் தடவை அக்கா மருந்துக்கடைப் பெண்ணின் போனை வாங்கி, வாடிக்கைக்காரி மாதிரி திறந்து பார்த்துவிட்டுத்தான் டீச்சரைக் கூப்பிட்டாள்.

மூன்றரைக்குச் செய்திகள் வர ஆரம்பித்தன. ஆறு மணிக்கு இருபத்தொன்று. அதற்கு மேல் அசையவில்லை.

"அந்த ஒருத்தி எப்பவும் இப்படித்தான்," என்றார் டீச்சர் போனில். "கடைக்குன்னா வரவே மாட்டா. பழசையே போட்டுக்கிட்டுக் கடைசி வரிசைல நிப்பா. அவளுக்காக நாளைக்கு எல்லாரையும் பெரிய கடைக்கு இழுக்கணும் போல."

ஏழடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அந்த ஒருத்தியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. XXL+ வட்டத்திலிருந்த கருநீலக் கவுன். கீழே எழுதியிருந்தாள்: "இது வேணும். ரீலைப் பாத்து நானே அளந்துட்டேன். யார்கிட்டயும் என் சைஸைச் சொல்லாம துணி எடுக்கறது இதுதான் முதல் தடவை."

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். அந்த இரண்டாவது மாடியில், கூட்டத்துக்கு நடுவே, "மேடத்துக்கு டபுள் எக்ஸெல் எடுத்துட்டு வா!" என்று ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குத் தான் கூவிய கூவல்கள் ஞாபகம் வந்தன. சுறுசுறுப்பு என்று நினைத்துக் கூவியதுதான். தலையைக் குனிந்துகொண்டவர்கள் எத்தனை பேரோ.

நாத்தனாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "இருபத்திரண்டு, அண்ணி! இந்த மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டோரி போட்டு, 'பாராட்டு'ன்னு ஒரு வட்டம் ஆரம்பிக்கட்டுமா? அள்ளிக்கிட்டுப் போகும்!"

"வேண்டாம்டி," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "யாருக்கும் தெரியாம எடுத்திருக்கா. அப்படியே இருக்கட்டும்."