பதிவேட்டில் இல்லாத ஆபீஸக்கா

என் அக்காவுக்கு இன்டர்வியூ என்றதும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டி காலியானது. பள்ளிச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், நன்னடத்தைச் சான்று, அடையாள அட்டை, பிறப்புச் சான்று என்று எல்லா ஒரிஜினலும் ஒரு ஃபைலுக்குள் போயின. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நகல். ஒவ்வொரு நகலிலும் தன் கையெழுத்து. தடுப்பூசி அட்டையும் உள்ளே போனபோது நான் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

“இன்டர்வியூவுக்குப் போறியா, வீடு மாத்தறியா?”

“கேட்டா இல்லைன்னு சொல்லக்கூடாதுடி.”

இதைச் சொன்னவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். பழைய கம்பெனியில் வேலை பார்த்ததற்கான சான்றுக் கடிதம்.

அக்கா பதினோரு வருடம் ஒரு பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் இருந்தாள். டப்பா மூடி, பாட்டில் மூடி, வாளி மூடி. வேன் டிரைவரோடு சேர்த்து நாற்பத்து மூன்று தொழிலாளிகள். ஆபீஸில் அவள் ஒருத்தி. வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், கடிதம், போன், எல்லாம் அவள் தலையில். முதலாளி அவளை “ஆபீஸு” என்று கூப்பிடுவார். மற்றவர்களுக்கு ஆபீஸக்கா.

மூன்று வருடத்துக்கு முன் கம்பெனியை மூடினார்கள். கடைசி வாரம் முழுக்க அக்கா ஒவ்வொருவருக்கும் சான்றுக் கடிதம் அடித்து, முதலாளியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். நாற்பத்து மூன்றாவது கடிதம் வேன் டிரைவருக்கு. அத்தோடு கம்பெனிப் பெயர் அச்சடித்த தாள் தீர்ந்துவிட்டது. “எனக்கென்ன, நான்தானே ஆபீஸ்” என்று பூட்டிவிட்டு வந்தாள் மகராசி. வரும்போது ஆபீஸ் செல்போனையும் தொழிலாளர் பதிவேட்டையும் கையோடு எடுத்து வந்தாள்.

ஏனென்றால் போன் வந்துகொண்டே இருக்கும். வேறு கம்பெனியில் சேருகிறவர்களைப் பற்றி விசாரிக்கவென்றே ஏஜென்சிகள் இருக்கின்றன. இன்னார் உங்களிடம் வேலை பார்த்தாரா, எத்தனை வருடம், ஏன் நின்றார் என்று கேட்பார்கள். குழம்பு கொதிக்கும்போதும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டிப் பதில் சொல்வாள். மூன்று வருடம் தண்டத்துக்கு! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்டர்வியூவில் ஃபைலைப் பார்த்து மூன்று பேரும் மிரண்டார்களாம். இரண்டு தாள் பார்த்தார்கள். அனுபவச் சான்று எங்கே என்றதற்கு உள்ளதைச் சொன்னாள். “பரவால்ல, விசாரணையில தெரிஞ்சிடும்” என்று வேலையைக் கொடுத்துவிட்டார்கள், பின்னணி விசாரணை சரியாக வந்தால் என்ற நிபந்தனையோடு. ஒன்றாம் தேதி சேர வேண்டும். அத்தான் இடுப்பு உடைந்து வீட்டில் கிடந்த வருடம் அது. இந்த வேலை போனால் பிள்ளைகள் படிப்பு நின்றுவிடும். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

நாலாம் நாள், அக்காவே இன்னும் பார்த்துக்கொண்டிருந்த பழைய கம்பெனியின் மெயிலுக்கு ஏஜென்சியிலிருந்து ஒரு படிவம் வந்தது. இன்னார் உங்களிடம் வேலை பார்த்தாரா? திறந்து பார்த்தவள் அந்த இன்னாரேதான்.

“ஆமான்னு அடிச்சு அனுப்பு, முடிஞ்சுது!” என்றேன்.

“என்னைப் பத்தி நானே சொல்றதா? அது எப்படிடி சரியாகும்?”

ஏஜென்சிக்காரருக்கே போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். “மேடம், உங்க குரல் எனக்குப் பாடம். இதுவரைக்கும் முப்பத்தெட்டு பேருக்கு நீங்க சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன். உங்களுக்கு மட்டும் உங்க பேச்சு செல்லாது. கம்பெனியில வேற யாராவது போன் எடுக்கணும்.”

வேறு யார்? முதலாளிதான். அவர் மகள் வீட்டு மாடியில் ரோஜாச் செடி வளர்த்துக்கொண்டிருந்தார். அக்கா பஸ் பிடித்துப் போய், போனையும் பதிவேட்டையும் அவரிடம் ஒப்படைத்தாள். கறாராகப் பாடமும் நடத்தினாள்.

“யார் கேட்டாலும் சம்பளத்தைச் சொல்லக்கூடாது சார். பதிவேட்டுல இல்லாதவங்களைப் பத்தி வாயே திறக்கக்கூடாது.”

“நீ சொன்னா சரி ஆபீஸு.”

மறுநாள் மதியம் அவரே அக்காவுக்கு போன் செய்தார். குரலில் பெருமை தாங்கவில்லை.

“ஆபீஸு! இன்னிக்கி ஒருத்தன் கூப்பிட்டான். யாரோ ஒரு பொம்பளை பேரைச் சொல்லி, நம்ம கம்பெனியில பதினோரு வருஷம் இருந்தாளான்னு கேக்கறான். பதிவேடு மொத்தமும் பாத்தேன். அப்படி யாருமே இல்ல, போலியா இருக்கும்னு சொல்லி வச்சிட்டேன். சரிதானே?”

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. “சார்... அது என் பேரு சார்.”

“உன் பேரா?” என்றார் அவர்.

அவளை வேலைக்கு எடுத்தவர் பழைய பங்குதாரர். அவர் விலகிப் போன பிறகு இவர் ஆபீஸு என்றே கூப்பிட்டு, அவள் நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் காலத்தை ஓட்டியிருக்கிறார். பதிவேட்டை எழுதியவளோ நாற்பத்து மூன்று பேரையும் வரிசையாக எழுதிவிட்டுத் தன்னை எழுதவே இல்லை. தன்னைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று அவரிடம் சொல்லவும் இல்லை, சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமாம். நான் தலையிலடித்துக்கொண்டேன்.

அன்று மாலையே புதிய கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. தகவல் பொருந்தவில்லை, இரண்டு நாளில் விளக்கம் தேவை. முதலாளி பதறிப்போய் மறுபடி கூப்பிட்டார்.

“நாப்பத்து நாலாவதா இப்பவே உன் பேரை எழுதிடறேன்மா!”

“ஐயோ, பேனாவைக் கீழ வைங்க சார்! இப்ப எழுதினா அதுதான் போலி.”

ஏஜென்சிக்காரர் வழி சொன்னார். அவள் கைபடாத தாள் வேண்டும். அவளே அடித்த சம்பளச் சீட்டு போதாது. பேங்க் கணக்கில் மாதாமாதம் சம்பளம் விழுந்த விவரமும் பி.எஃப். கணக்கும் வேண்டும். கூடவே முதலாளி தன் அடையாள அட்டை நகலோடு ஒரு கடிதம் எழுதித் தந்து, போனிலும் பேச வேண்டும். மறுநாள் காலையில் பேங்கில் முத்திரை குத்தி வாங்கினோம். நூற்று முப்பத்திரண்டு மாதம், ஒரு மாதம்கூட விடுபடவில்லை. அங்கிருந்து நேரே முதலாளி வீடு. வெள்ளைத் தாளில் அவரே கைப்பட எழுதினார். அக்காவின் பெயரை எழுதும் முன் அவளிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

நாங்கள் இருக்கும்போதே ஏஜென்சிக்காரரிடமிருந்து போன் வந்தது. காது மந்தம் என்பதால் அவர் ஸ்பீக்கரில் போட்டார். எத்தனை வருடம், என்ன வேலை, ஏன் நின்றார், எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார்.

“கடைசிக் கேள்வி சார். இவங்களை மறுபடி வேலைக்கு எடுப்பீங்களா?”

“கம்பெனியே இல்லியேப்பா.”

“படிவத்துல ஆமா, இல்லை, ரெண்டுதான் சார் இருக்கு.”

முதலாளி அக்காவைப் பார்த்தார்.

“கம்பெனி இருந்தா நான் எடுப்பேன்பா. இவ வருவாளான்னுதான் தெரியல. பதினோரு வருஷம் வேலை வாங்கிட்டு, பேரைக் கேட்டா இல்லைன்னு சொன்னவன் நான்.”

“அப்ப ஆமான்னு போட்டுக்கறேன் சார்” என்றார் ஏஜென்சிக்காரர்.

அக்கா அங்கேயே, ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். அந்த மனுஷன் மேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்கும் தீரவில்லை, அது வேறு.

ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தாள். கழுத்தில் தொங்கவிட அட்டை கொடுத்தார்கள், முழுப் பெயரும் அச்சடித்து. சாயங்காலம் வந்து சொன்னாள், அங்கே யாரோ பின்னாலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இவள் பாட்டுக்கு வேலை பார்த்தாளாம். மூன்றாவது தடவைதான் திரும்பினாளாம்.