முதல் சரக்குக்குக் கடன்

காளிகாட் பகுதியில் கடை பிடிக்கக் கொடுத்த முன்பணத்தோடு என் கைக்காசு தீர்ந்தது. அலமாரிகள் காலியாக நின்றன. இட்லி அரிசி, உளுந்து, அப்பளம், நல்லெண்ணெய் என்று வேண்டிய சரக்கையெல்லாம் எழுதி, பதினைந்து நாள் கடன் கேட்டு, படாபஜார் மொத்த வியாபாரியிடம் கடிதம் கொடுத்தேன். தூத்துக்குடிக்காரர்; எல்லோருக்கும் அண்ணாச்சி. என்னைப் பற்றி விசாரிக்க, முன்பு ஒரு வருடம் வேலை பார்த்த ஹவுரா எண்ணெய்க் கடை முதலாளியின் நம்பரையும் எழுதியிருந்தேன். அவரிடம் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டேன்.

"ஒரே வருஷந்தானா? அங்கேயும் நிக்கலியா வே?" என்று சிரித்த அண்ணாச்சி, அப்போதே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அவனா? ஒரு எடத்துல உக்கார மாட்டான்" என்றார் ஹவுரா முதலாளி. "ஆனா வெளிய நின்ன பாக்கி பூரா வசூல் பண்ணி என் கையில குடுத்துட்டுத்தான் போனான்."

அண்ணாச்சி போனை வைத்தார். "பாதிச் சரக்கு கடனா ஏத்திட்டுப் போம். அதக் கட்டுனா மீதி. கடையப் பூட்டிட்டு ஓடிராதீரும்!"

மூட்டைகளோடு வேனில் ஏறியதும், கடையில் எந்த மூட்டையை எங்கே வைப்பது என்று டிரைவரிடம் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது.